ஏழு பேர், ஒரு பேனல், ஏற்காட்டில் ஒரு சனிக்கிழமை

ஏற்காட்டில் இருக்கும் விடுதிப் பள்ளிகளில் ஆசிரியர் தேர்வு என்றால் அது பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்தாக வேண்டும். வெளியிலிருந்து வரும் பாட நிபுணரை இரண்டு நாள் மலையேற்ற முடியாது. தாளாளர் சேலத்திலிருந்து வருவார், அவருக்கும் வேறு வேலைகள் உண்டு. விண்ணப்பித்தவர்களோ தர்மபுரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் பஸ் மாறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வர வேண்டும். இந்த எல்லோரையும் ஒரு நாளுக்குள் பொருத்துவது அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற ஒருவரின் தலையில் விழும். அட்டவணையைப் பார்த்தால் பத்து நிமிட வேலை மாதிரி தெரியும். உண்மையில் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இங்கே ஒரு முறை முழுதாகப் போட்டுக் காட்டப் போகிறேன்.

எடுத்துக்கொண்டது பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்கு ஆசிரியர் பணியிடம். பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை. மார்ச் வந்துவிட்டால் பொதுத்தேர்வு, மே மாதம் என்றால் கோடை விழாக் கூட்டத்தில் மலைப்பாதை திணறும், பிள்ளைகளும் ஊருக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகள் இல்லாமல் டெமோ கிளாஸ் நடத்த முடியாது. அதனால் பிப்ரவரி. ஒவ்வொருவருக்கும் 15 நிமிட டெமோ கிளாஸ், பிறகு பேனல் முன்னால் 25 நிமிட நேர்காணல், அது முடிந்ததும் மதிப்பெண் எழுத 5 நிமிடம். அழைக்கப்பட்டவர்கள் ஏழு பேர்.

பலரும் இந்த இடத்தில் ஏழு பேரை வரிசையாக எழுதிப் பக்கத்தில் நேரம் போட ஆரம்பிப்பார்கள். நான் ஆரம்பிப்பது வேறு இடத்தில். பேனலில் யாருடைய நேரம் மிகக் குறைவு என்று முதலில் பார்ப்பேன். மற்ற எல்லாம் அந்த ஒருவரைச் சுற்றித்தான் அமையும்.

பேனல்காரர்களிடம் "எப்ப ஃப்ரீயா இருப்பீங்க?" என்று கேட்டால் எல்லோரும் "நாள் பூரா இருக்கேங்க" என்பார்கள். அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. "எந்த நேரத்துல கண்டிப்பா உங்களால இருக்க முடியாது?" என்று கேட்டால் உண்மை வரும். இப்படிக் கேட்டபோது வந்த பதில்கள் இவை. பாட நிபுணர் சேலத்தில் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணக்குப் பேராசிரியர். சொந்தக் காரை அவரே ஓட்டி வருவார், சாயங்கால வெளிச்சத்தில் மலை இறங்க மாட்டார், மூன்றரைக்குக் கிளம்பியாக வேண்டும். தாளாளர் சொன்னது: "சனிக்கிழமை ஒம்பதுல இருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம்ங்க. பத்தரைக்கு மேல இன்டர்வியூவை ஆரம்பிங்க." பிரின்சிபாலுக்குக் காலை அசெம்பிளி உண்டு. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் அவரைத் தேடுவார்கள். கணக்குத் துறைத் தலைவி மேடத்துக்கு மூன்றாவது பீரியடும் ஆறாவது பீரியடும் சொந்த வகுப்பு.

ஆக, பேராசிரியரும் தாளாளரும் சேர்ந்து உட்கார முடிந்த நேரம் 10:30 முதல் 3:30 வரை. ஐந்து மணி நேரம், அதாவது 300 நிமிடம். மதியச் சாப்பாட்டுக்கு 45 போனால் 255.

இப்போது பேராசிரியர் டெமோவையும் பார்க்க வேண்டும், நேர்காணலிலும் உட்கார வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு டெமோ 15, அடுத்தவர் வகுப்புக்குள் வந்து நிற்க 5, நேர்காணல் 25, மதிப்பெண் 5. மொத்தம் 50 நிமிடம். 255-ஐ 50-ஆல் வகுத்தால் ஐந்து பேர்தான் தேறுவார்கள். ஏழு பேரை அழைத்திருக்கிறோம். இந்த வகுத்தலைப் போடாமலே கடிதம் அனுப்பிவிடும் இடங்களில்தான் ஆறாவது ஆளும் ஏழாவது ஆளும் ஐந்து மணிக்கு அவசர அவசரமாகப் பத்து நிமிடம் பேசப்பட்டு அனுப்பி வைக்கப்படுகிறார்கள்.

இதற்கு ஒரே தீர்வு, இரண்டு கட்டத்திலும் ஒரே ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்வது. டெமோவைத் துறைத் தலைவி மேடமும் துணை முதல்வரும் பார்ப்பார்கள். நேர்காணலில் பேராசிரியர், பிரின்சிபால், தாளாளர் மூவர் மட்டும். டெமோ மதிப்பெண் மூடிய உறையில் அலுவலகத்துக்கு வரும், கடைசியில்தான் பிரிக்கப்படும். இதனால் நேர்காணல் பேனலுக்கு முன்கூட்டியே ஒரு அபிப்பிராயம் விழாமலும் போகிறது. பேராசிரியருக்கு முதலில் கொஞ்சம் வருத்தம். "போர்டுல எப்படி எழுதறாங்கன்னு பார்க்காம எப்படிங்க?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்காக நேர்காணல் அறையிலேயே ஒரு கரும்பலகையை வைத்து, ஒரு கணக்கை எழுதிப் போட்டுக் காட்டச் சொல்வது என்று முடிவானது.

இனிக் கணக்கு மாறுகிறது. பேனலுக்கு ஒருவருக்கு 30 நிமிடம், ஏழு பேருக்கு 210. கையில் 255 இருப்பதால் மிச்சம் 45 நிமிடம். அந்த 45 நிமிடத்தை எங்கே வைப்பது என்பதுதான் இந்த வேலையின் மையம்.

அதற்கு முன்னால் அந்த 30 என்ற எண் உண்மையா என்று பார்க்க வேண்டும். நாம் 25 நிமிடம் என்று எழுதுவது நம் ஆசை. போன தடவை எத்தனை நிமிடம் ஆனது என்பது வேறு. கதவுக்கு வெளியே உட்காரும் உதவியாளர் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் சராசரி தெரிந்துவிடும். உண்மைச் சராசரி 35 என்றால், ஏழு பேருக்கு 35 நிமிடம் கூடுதலாகப் போகும். மிச்சம் வைத்த நேரத்தில் பெரும்பங்கு அதிலேயே கரைந்துவிடும். ஸ்லாட்டின் நீளம் சராசரியைத் தாங்க வேண்டும். பஃபர் என்று மிச்சம் வைக்கும் நேரம் ஒருவர் கூட, ஒருவர் குறைய எடுத்துக்கொள்ளும் ஏற்ற இறக்கத்துக்கு மட்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் எவ்வளவு பஃபர் வைத்தாலும் போதாது.

எங்கள் பேனலில் நேரம் கூடியதற்குக் காரணம் கணக்குக் கேள்விகள் இல்லை. ஆரம்பத்துப் பேச்சுதான். "எந்த ஊருங்க? அங்க யார் வீடு? அப்பா என்ன பண்றார்?" என்று தொடங்கி நாலைந்து நிமிடம் ஓடும். இந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கணக்கு சொல்லிக் கொடுக்க வருபவரிடம் அதைக் கேட்க ஒரு அவசியமும் இல்லை. எல்லோருக்கும் ஒரே ஐந்து கேள்விகள் என்று அச்சடித்த தாளைப் பேனல் முன்னால் வைத்ததும் அந்த நிமிடங்கள் தானாகக் குறைந்தன. முப்பது நிமிடம் என்பது அப்போதுதான் நம்பக்கூடிய எண்ணாக ஆனது.

இப்போது பஃபர். நேர அட்டவணையில் ஒரு அநியாயம் உண்டு. ஒருவர் எட்டு நிமிடம் கூடுதலாக எடுத்தால் அந்த எட்டு நிமிடமும் அடுத்தவர் தலையில் விழும். ஒருவர் மூன்று நிமிடம் சீக்கிரம் முடித்தால் அந்த மூன்று நிமிடம் யாருக்கும் கிடைக்காது, ஏனென்றால் அடுத்தவர் இன்னும் வந்திருக்கமாட்டார். நஷ்டம் சேரும், லாபம் சேராது. 1952-இல் டென்னிஸ் லிண்ட்லி என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் வரிசைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இருப்பதும் இந்தச் சங்கதிதான்: அடுத்தவர் காத்திருக்கும் நேரம் என்பது இவர் காத்திருந்த நேரத்தோடு இவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, ஸ்லாட் நீளத்தைக் கழித்தது. கழித்த பிறகு எதிர்மறையாக வந்தால் அது பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியத்தில்தான் லாபம் காணாமல் போகிறது.

இதை எக்செல்லில் ஒரு வரியில் போட்டுப் பார்க்கலாம். B பத்தியில் ஒவ்வொருவரும் எடுத்த நிமிடம், C பத்தியில் அவர் உள்ளே போகும்போது இருந்த தாமதம். C2-இல் பூஜ்ஜியம் போட்டுவிட்டு, C3-இல்:

```
=MAX(0, C2+B2-30)
```

கீழே இழுத்துவிட்டால் போதும். ஏழு பேரும் 27, 38, 30, 34, 26, 36, 28 நிமிடம் எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். யாரும் அராஜகமாகப் பேசவில்லை, சாதாரண நாள்தான். மொத்தம் 219. திட்டமிட்ட 210-ஐ விட 9 நிமிடம்தான் அதிகம். ஆனால் இடையில் பஃபரே இல்லை, சாப்பாட்டு நேரத்திலும் கை வைப்பதில்லை என்றால் தாமதம் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். இரண்டாமவருக்குப் பூஜ்ஜியம். மூன்றாமவருக்கு 8. நான்காமவருக்கும் 8. ஐந்தாமவருக்கு 12. ஆறாமவருக்கு 8. ஏழாமவருக்கு 14. முடியும்போது 12 நிமிடத் தாமதம். முதலாமவர் மிச்சம் பிடித்துக் கொடுத்த மூன்று நிமிடம் எங்கேயும் காணோம், அதனால்தான் 9 என்பது 12 ஆனது.

பன்னிரண்டு நிமிடம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். கீழே சமவெளியில் என்றால் இல்லை. இங்கே பேராசிரியர் மூன்றரைக்குக் கார் சாவியைக் கையில் எடுத்துவிடுவார். அந்தப் பன்னிரண்டு நிமிடம் கடைசியில் கலந்து பேசும் நேரத்திலிருந்துதான் வெட்டப்படும்.

45 நிமிடத்தையும் மொத்தமாகக் கடைசியில் வைத்தால் நாள் என்னவோ நேரத்துக்கு முடிந்துவிடும், ஆனால் நடுவில் வரும் ஒவ்வொருவரும் முந்தினவரின் தாமதத்தைச் சுமப்பார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று பிரித்து ஸ்லாட்டையே 33 ஆக்கினால்? கணக்குப்படி அது ஒன்றும் மோசமான யோசனை இல்லை. பிரச்சினை மனிதர்களோடு. அட்டவணையில் 33 என்று தெரிந்தால் பேச்சு 33 நிமிடத்துக்கு நீளும், அதற்கு மேலும் நீளும். பஃபர் கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிட்டால் அது பஃபரே இல்லை, நீளமான நேர்காணல்தான். அதனால் நான் இரண்டு பேருக்கு ஒரு முறை என்று கணிசமான துண்டாக வைப்பேன்.

இன்னொன்றையும் கறாராகப் பிரித்துவிட வேண்டும். டீ நேரம் பஃபர் ஆகாது. பத்து நிமிட டீ இடைவேளையைக் காட்டி "அங்கே சமாளிச்சுக்கலாம்" என்பவர்கள், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பேராசிரியர் இரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்க்கிறார்கள். குளிர் ஊரில் பாத்ரூம் போகும் தேவையும் அதிகம். டீ என்று எழுதினால் டீ நடந்தே தீரும். அதனால் முதல் இரண்டு பேருக்குப் பிறகு 20 நிமிடம் வைத்தேன்: அதில் 10 டீக்கு, 10 பஃபர். மதியம் இரண்டு பேருக்குப் பிறகு 10 நிமிடம், அது முழுக்கப் பஃபர். மிச்சம் 15 கடைசியில், மூவரும் மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பேச. அதைப் பஃபர் கணக்கில் சேர்க்கவே மாட்டேன்.

அப்படி எழுதியபோது பேனலின் நாள் இப்படி வந்தது. முதலாமவர் 10:30, இரண்டாமவர் 11:00. 11:30-க்கு இடைவெளி. மூன்றாமவர் 11:50, நான்காமவர் 12:20. 12:50-க்குச் சாப்பாடு. ஐந்தாமவர் 1:35, ஆறாமவர் 2:05. 2:35-க்குப் பத்து நிமிடம் காலி. ஏழாமவர் 2:45, அவர் 3:15-க்கு வெளியே. 3:30 வரை கலந்துரையாடல்.

மேலே சொன்ன அதே ஏழு எண்களை இதில் ஓட்டிப் பாருங்கள். இரண்டாமவர் 38 நிமிடம் எடுத்து 11:38-க்கு முடிக்கிறார். டீ குடித்து 11:48. மூன்றாமவர் சரியாக 11:50-க்கு உள்ளே போகிறார். நான்காமவர் முடிக்கும்போது 12:54, சாப்பாட்டு நேரத்தில் நாலு நிமிடம் குறையும், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆறாமவர் 36 நிமிடம் எடுத்து 2:41-க்கு வெளியே வருகிறார். ஏழாமவர் 2:45-க்கு உள்ளே, 3:13-க்கு வெளியே. யாரும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. இருபதே நிமிட பஃபர், அதுவும் இரண்டு இடத்தில்.

இனி டெமோக்களை இதற்குள் சொருக வேண்டும். இங்கே எஜமானன் பள்ளி மணி. எங்கள் பீரியடு 40 நிமிடம். ஒரு பீரியடில் இரண்டு டெமோ: 15, ஆள் மாற 5, மறுபடி 15, கடைசி 5 நிமிடம் வகுப்பை அமைதிப்படுத்தி ஆசிரியரிடம் திரும்ப ஒப்படைக்க. இருபது இருபது என்று பிரித்தால் இரண்டாவது டெமோ எப்போதும் மணியில் அறுபடும். மணி அடித்தபின் பிளஸ் ஒன் பிள்ளைகளை வகுப்பில் பிடித்து வைக்க எந்த அனுபவசாலியாலும் முடியாது, புதிதாக வந்தவரை அதில் மதிப்பிடுவது நியாயமும் இல்லை.

மேடத்துக்கு மூன்றாவதும் ஆறாவதும் ஆகாது. அதனால் இரண்டாவது பீரியடில் (9:40) முதல் இருவர், நான்காவதில் (11:15) அடுத்த இருவர், ஐந்தாவதில் (11:55) ஐந்தாமவரும் ஆறாமவரும், ஏழாவதில் (2:00) கடைசி ஆள். இதில் சரிபார்க்க வேண்டியது ஒன்றே: ஒவ்வொருவருக்கும் டெமோ முடிந்து நேர்காணலுக்குள் போக இருபது நிமிடமாவது இருக்கிறதா? முதலாமவர் 9:55-க்கு டெமோவை முடித்து 10:30-க்கு உள்ளே. மூன்றாமவர் 11:30-க்கு முடித்து 11:50-க்கு. நான்காமவர் 11:50-க்கு முடித்து 12:20-க்கு. ஏழாமவர் 2:15-க்கு முடித்து 2:45-க்கு. மூன்றாமவருடையதுதான் மிக இறுக்கம், சரியாக இருபது. அன்றைக்கு அவர் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாமவரும் ஆறாமவரும் டெமோ முடித்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பார்கள். அவர்களுக்கு மெஸ்ஸில் சாப்பாடு உண்டு என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் வெளியே சாப்பிடப் போவார்கள். சனிக்கிழமை மதியம் ஏரிப் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்குத் திரும்புவது நடக்காத காரியம்.

9:40 டெமோ ராகு காலத்தில் விழுகிறதே என்று தாளாளரிடம் பயந்துகொண்டேதான் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்தார். "அது பாடம்தானே நடத்தறாங்க, இன்டர்வியூ இல்லையே" என்றார். மறுபேச்சு பேசாமல் அதைக் குறித்துக்கொண்டேன்.

யாருக்கு எந்த ஸ்லாட் என்பதைப் பெயர் வரிசைப்படி போடுபவர்கள் உண்டு. மலை ஊரில் அது எடுபடாது. முதல் ஸ்லாட்டுக்குப் பள்ளியில் 9:10-க்கு இருக்க வேண்டும். அது ஏற்காட்டிலேயே குடியிருப்பவருக்குப் போனது. இரண்டாவது கோரிமேட்டில் இருப்பவருக்கு, மலை ஏறும் சாலையிலேயே வீடு. நடு ஸ்லாட்டுகள் ஓமலூர், ஆத்தூர்க்காரர்களுக்கு. ஐந்தும் ஆறும் தர்மபுரிக்கும் நாமக்கல்லுக்கும், சேலத்துக்கு வந்து சேரவே அவர்களுக்கு நேரம் வேண்டும். ஏழாவது, சேலத்தில் இன்னொரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே விண்ணப்பித்தவருக்கு. அவருக்குச் சனிக்கிழமை காலை வகுப்பு உண்டு, மதியத்துக்கு மேல்தான் லீவு கேட்க முடியும்.

பஸ்ஸில் வருபவர்களுக்கு நான் வைக்கும் வரும் நேரம் டெமோவுக்கு அரை மணி முன்னால். அது ஒழுக்கத்துக்காக இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரண்டு வருபவர்கள் உண்டு. இறங்கிய பத்தாவது நிமிடத்தில் வகையீட்டுக் கணக்கு நடத்தச் சொன்னால், நாம் அளப்பது அவருடைய கணக்கறிவை இல்லை. ஒரு எலுமிச்சை டீயும் இருபது நிமிடமும் போதும், முகம் தெளிந்துவிடும்.

இந்த அரை மணிக்கு வேறொரு பயனும் இருக்கிறது. அடுத்தவர் வளாகத்துக்குள் இருந்தால் சீக்கிரம் முடிந்த நிமிடங்கள் வீணாகாது. லிண்ட்லியின் அதே 1952-இல் நார்மன் பெய்லி என்பவர் இங்கிலாந்து மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவுகளை ஆராய்ந்து ஒரு யோசனை சொன்னார்: மருத்துவர் உட்காரும் நேரத்துக்கே இரண்டு நோயாளிகளை வரச்சொல்லுங்கள், பிறகு சராசரி நேரத்துக்கு ஒருவராக அழையுங்கள். மருத்துவர் சும்மா இருக்கும் நேரம் வெகுவாகக் குறையும், நோயாளிகள் காத்திருப்பது சிறிதுதான் கூடும். எங்கள் அட்டவணையில் முதல் இருவரும் ஒரே பீரியடில் டெமோ கொடுப்பதால் 10:30-க்கு இருவருமே தயாராக இருப்பார்கள். பெய்லியைப் படித்துத்தான் அப்படிப் போட்டேன் என்று பெருமை பேச ஆசைதான், மணி அடிக்கும் முறையே அப்படிக் கொண்டுவந்து விட்டது.

பேனலை மட்டும் பத்து மணிக்கே வரச்சொல்ல வேண்டும். முதல் தாமதம்தான் மிக விலை உயர்ந்தது, அது ஏழு பேரையும் தொடும். சனிக்கிழமை காலையில் சுற்றுலா வண்டிகள் அடிவாரத்திலிருந்தே முண்டும். மழைக்காலமாக இருந்தால் அரை மணியும் போதாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றதைப் பார்த்தவர்கள் நவம்பர், டிசம்பரில் நேர்காணல் வைக்கவே யோசிப்பார்கள். எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டால் அந்த அரை மணியில் காப்பி குடித்துக்கொண்டே மதிப்பெண் தாளை ஒரு முறை பார்த்துவிடலாம்.

அன்றைக்கு நான் கடிகாரத்தைப் பார்ப்பது மூன்று இடத்தில் மட்டும்: 11:30, 12:50, 2:35. ஒவ்வொரு நேர்காணலுக்கும் பதறினால் பேனலுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். உள்ளே இருபது நிமிடம் ஆனதும் உதவியாளர் கதவைத் தட்டித் தண்ணீர் வைப்பார். அது பேனலோடு பேசி வைத்த அடையாளம், வந்தவருக்குத் தெரியாது. பத்து நிமிடத்துக்கு மேல் தாமதம் என்றால் காத்திருப்பவரிடம் போய் எத்தனை மணிக்கு அழைப்போம் என்று சொல்லிவிடுவேன். தாமதத்தை ஈடுகட்ட எதை வெட்டலாம் என்பதும் முன்பே முடிவானது. முதலில் பஃபர், பிறகு சாப்பாட்டில் பதினைந்து நிமிடம் வரை, அதற்கும் மேல் போனால் கலந்துரையாடலைத் திங்கட்கிழமை போனில் வைத்துக்கொள்வது. வந்தவருடைய 25 நிமிடத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. முதலாமவருக்கு ஐந்து கேள்வி, ஏழாமவருக்கு மூன்று கேள்வி என்றால் இரண்டு மதிப்பெண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

பிரின்சிபாலை மதியம் பெற்றோர் கூப்பிடும் விஷயத்திலும் இதே விதிதான். அவர் எழுந்து போனால் நேர்காணல் நிற்கும். மற்ற இருவர் தொடர்ந்தால் ஒருவருக்கு மட்டும் இரண்டு பேர் மதிப்பெண் போட்டதாக ஆகும். "ரெண்டே நிமிஷம்" என்று போனால் பத்து நிமிடம் ஆகும், அது 2:35 பஃபரை மொத்தமாக விழுங்கிவிடும். அதனால் ஒன்றரை முதல் மூன்றரை வரை பெற்றோரைத் துணை முதல்வர் பார்ப்பார் என்று விடுதி வார்டன் மூலமாக முன்னாடியே சொல்லி வைத்தோம். இரண்டு மணி டெமோவுக்கு அவர் பதினைந்து நிமிடம் போக வேண்டியிருந்தது. அந்த நேரத்துக்கு வார்டனே பெற்றோரோடு உட்கார்ந்துகொள்வதாக ஏற்பாடு.

எல்லாம் முடிந்து கடிதம் போன பிறகு, வியாழக்கிழமை தாளாளரிடமிருந்து போன். "இன்னொருத்தர் ப்ரொஃபைல் நல்லா இருக்குங்க, அவரையும் சேர்த்துக்கலாமா? அரை மணி நேரம்தானே?" அரை மணி நேரம்தான். ஆனால் அந்த முப்பது நிமிடம் எங்கிருந்து வரும்? பஃபர் இருபதும் போய், கலந்துரையாடலில் பத்தும் போனால்தான் வரும். அதற்குப் பிறகு மேலே போட்ட அந்தச் சாதாரண நாளே தாங்காது. ஒருவர் 38 நிமிடம் பேசினால் பேராசிரியர் கடைசி ஆளைப் பார்க்கும்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். இதைத் தாளாளரிடம் எண்ணாகச் சொன்னேன். "முடியாதுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தால் வற்புறுத்தியிருப்பார், எண்ணோடு யாரும் வாதாடுவதில்லை. எட்டாமவரைக் காத்திருப்பில் வைத்தோம். அவர் அஸ்தம்பட்டிக்காரர், கூப்பிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் மேலே வந்துவிடக்கூடியவர். யாராவது வரவில்லை என்றால் மட்டும் அந்த ஸ்லாட் அவருக்கு என்பதை அவரிடமே ஒளிக்காமல் சொன்னோம், சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு பேருக்கும் போன் போட்டு வருகையை உறுதி செய்வது வழக்கம். ஆறு பேர் வருகிறோம் என்றார்கள். நாமக்கல்காரர் வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். ஆறாவது ஸ்லாட் எட்டாமவருக்குப் போனது: டெமோ 12:15, நேர்காணல் 2:05. அட்டவணையில் பெயரை மட்டும் மாற்றிப் புதுப் பிரதி எடுத்து, பழையதை எல்லோருடைய மேசையிலிருந்தும் எடுத்துவிட்டேன்.